பதினேழுக்குப் பின்னால் ஒரு சுழி

அந்தக் கண்ணாடிக் கடையில் அவளுக்கு டிகிரி என்று பெயர். வைத்தவர் கடை முதலாளியின் மாப்பிள்ளை. மாமனாருக்கு முட்டி தேய்ந்து நடமாட்டம் குறைந்ததும் கடை இவர் கைக்கு வந்தது. வந்த முதல் வாரமே வேலை செய்கிறவர்களின் விவரத்தையெல்லாம் ஒரு தாளில் எழுதி வாங்கினார். படிப்பு என்ற கட்டத்தில் இவள் 'பத்தாவது, தவறியது' என்று எழுதியிருந்தாள். இருபது வருஷமாக ஆர்டர் மேஜையில் உட்கார்ந்திருப்பவள், லென்ஸ் செய்து அனுப்பும் லேபிலிருந்து வருவது நாலு டிகிரி சாய்ந்திருந்தால் முகத்தில் அடித்த மாதிரி திருப்பி அனுப்புகிறவள், பத்தாவதுகூடத் தாண்டவில்லை என்றதும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"நாலு டிகிரிக்கு லேபோட இவ்வளவு மல்லுக்கு நிக்கறீங்க. உங்க கையில ஒரு டிகிரிகூட இல்லையே" என்றார்.

கடையே சிரித்தது. அவளும் சிரித்தாள். மறுநாள் தன் டீ டம்ளரில் சிவப்பு நகப்பூச்சால் 'டிகிரி' என்று கொட்டை எழுத்தில் எழுதிவைத்தாள். கேலிக்குக் கொடுத்ததை எடுத்து மாட்டிக்கொண்டு வளைய வந்தால், கேலி செய்தவர் என்னதான் செய்வார்? ஒரு மாதத்தில் வாடிக்கையாளர்களே "டிகிரி அக்கா இருக்காங்களா?" என்று கேட்டு வர ஆரம்பித்துவிட்டார்கள்.

அவள் பத்தாவதில் தவறியதற்கும் ஒரு கண்ணாடிதான் காரணம். எட்டாம் வகுப்பில் கரும்பலகை தெரியவில்லை என்று அம்மா அழைத்துப்போய் வாங்கிக்கொடுத்த வட்டக் கண்ணாடி. மாட்டிய நாளிலிருந்து மண்டை இடித்தது. கடைக்காரர் "பழகிடும்மா" என்றார். அம்மா "பழகிடும்டி" என்றாள். கணக்கு டீச்சர், கண்ணாடியைக் கழற்றினால் ஸ்கேலைத் தூக்கினார். மூணு வருஷம் அது பழகவே இல்லை. கணக்குப் பரீட்சையில் பாதித் தாளோடு எழுந்து வெளியே போய் வாந்தி எடுத்தாள். அதோடு படிப்பு நின்றது.

பதினெட்டு வயதில் இந்தக் கடைக்கு அலமாரி துடைக்க வந்தாள். ஒரு மதியம், கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த நேரம், பெரிய முதலாளி லென்ஸ்மீட்டரில் எப்படிப் பார்ப்பது என்று காட்டிக்கொடுத்தார். மைக்ராஸ்கோப் மாதிரி ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்க்க வேண்டும். சக்கரத்தைத் திருப்பத் திருப்ப, மங்கலாக இருக்கும் பச்சைக் கோடுகள் ஓர் எண்ணில் வந்து கத்தி மாதிரி கூராகும். அந்த எண்தான் லென்ஸின் பவர். பார்த்துப் பழக வேறு எதுவும் கையில் இல்லாததால் அவள் தன் கண்ணாடியையே கழற்றி வைத்தாள். வலது லென்ஸ் மைனஸ் மூணே கால். இடது லென்ஸ் மைனஸ் ஒன்று. வீட்டுக்குப் போய் அம்மாவின் பெட்டியிலிருந்த பழைய சீட்டைத் தேடி எடுத்தாள். சீட்டில் வலது மைனஸ் ஒன்று, இடது மைனஸ் மூணே கால். மாற்றிப் போட்டிருக்கிறார்கள்.

"இத்தனை வருஷம் போட்டுட்டியே, இப்ப என்ன" என்றாள் அம்மா.

அவள் ஒரு சின்னத் திருப்புளியை எடுத்துத் திருகைக் கழற்றினாள். வட்ட லென்ஸ் என்பதால் இடம் மாற்றிப் போட்டதும் கச்சிதமாக உட்கார்ந்தது. மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். எதிர்வீட்டு மாடியில் காயும் துணியில் கிளிப் மாட்டியிருப்பது தெரிந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு வந்த ஆத்திரம் அப்புறம் எப்போதும் முழுதாக ஆறவில்லை.

போன வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கடைக்கு ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வந்தார்கள். அவருக்கு நாற்பது வயதிருக்கும், தோள் அகன்ற ஆள். கையில் இரண்டு கண்ணாடிப் பெட்டிகள், மூக்கில் கண்ணாடி இல்லை. வாசல் படியை இடது பக்கம் சரியாகக் கணிக்காமல் தட்டிக்கொண்டுதான் உள்ளே வந்தார். பெண்டாட்டி அவர் முழங்கையை விடவில்லை.

"இவர் துறைமுகத்துல கிரேன் ஓட்டறவரு" என்று அவளே ஆரம்பித்தாள். "நாலு வருஷம் வெளிநாட்டுல இருந்தாரு. அங்க ஒரு கம்பி அறுந்து இடது கண்ணுல அடிச்சிடுச்சு. ஆபரேஷன் பண்ணாங்க. பண்ண டாக்டரே ரெண்டு நாள் உக்கார வெச்சு டெஸ்ட் பண்ணி கண்ணாடி எழுதிக் கொடுத்தாரு. அதைப் போட்டுக்கிட்டு நல்லாத்தான் இருந்தாரு. ஊருக்கு வந்த அன்னிக்கே பஸ்ல ஏறும்போது கண்ணாடி கீழ விழுந்து சக்கரத்துல போச்சு."

"சீட்டு?"

"சட்டைப் பையில வெச்சுத் துவைக்கப் போட்டுட்டேன்" என்றார் அவர். "ரூம்ல கூட இருந்தவன் எதுக்கும் இருக்கட்டும்னு போட்டோ எடுத்து வெச்சிருந்தான். அதான் மிச்சம்."

போனை நீட்டினார். கசங்கிய ஒரு சீட்டின் படம். கோணலாக எடுத்தது, பாதிச் சீட்டில் எடுத்தவனுடைய கையின் நிழல். அச்சடித்திருந்த எழுத்து அவள் அறியாத எழுத்து, தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. நடுவில் இரண்டு வரிசைக் கட்டங்களில் மட்டும் நீல மையில் எண்கள். எண்கள் எல்லா ஊரிலும் எண்கள்தானே.

"இங்க டெஸ்ட் பண்ணிப் பாக்கலயா?"

"ரெண்டு கடையில உக்காந்தேன். மிஷின்ல இடது கண்ணை வெச்சா 'எரர்'னே வருது. தழும்பு இருக்கறதால பிடிக்க மாட்டேங்குதாம். பெரிய ஆஸ்பத்திரியில நாள் கேட்டா அஞ்சு வாரம் கழிச்சு வரச் சொல்றாங்க. எனக்கு அடுத்த வாரம் திங்கட்கிழமை உடல் தகுதி டெஸ்ட். அதுல பாஸானாத்தான் கிரேன். அதனால ரெண்டு கடையிலயும் இந்தப் போட்டோவைப் பாத்தே போட்டுக் கொடுத்தாங்க. ரெண்டும் சரியில்ல."

"என்ன சொன்னாங்க?"

"பழகிடும்னாங்க."

டிகிரி பேனாவை மூடிவைத்தாள்.

"எத்தனை நாள் போட்டீங்க?"

"முதல்ல ஒரு வாரம். அடுத்தது ஒம்பது நாள். பழகலைங்க. கண்ணு சரியா இருந்தா பழகியிருக்கும், உங்க மனசுலதான் கோளாறுன்னு ரெண்டாவது கடையில சொன்னாங்க. இவகூட அப்படித்தான் நினைக்கறா."

"நான் எப்ப அப்படிச் சொன்னேன்?" என்றாள் பெண்டாட்டி.

"சொல்லல. அப்படிப் பாத்த."

இதற்குள் மாப்பிள்ளை கல்லாவிலிருந்து எழுந்து வந்துவிட்டார். கடையில் புதிதாக ஒரு பலகை மாட்டியிருந்தார்: 'பத்து நிமிடத்தில் ஆர்டர்.' வந்தவர் உட்கார்ந்து, சீட்டு கைமாறி, லேபுக்கு ஆர்டர் பறக்கப் பத்து நிமிஷம்தான். அதைத் தாண்டினால் மாப்பிள்ளைக்கு உள்ளங்கால் எரியும். போனை வாங்கி, தன் போனால் அந்தப் படத்தின் மேல் மொழிபெயர்ப்பு ஓடவிட்டார்.

"இதோ வந்துடுச்சு. பந்து. எரிவாயு உருளை. வண்டி அச்சு."

பெண்டாட்டிக்கு அந்த நிலைமையிலும் வாய் சும்மா இருக்கவில்லை. "அதான் தலைபாரம்னு சொல்றாரு. கண்ணுக்குள்ள கேஸ் சிலிண்டரும் வண்டியும் இருந்தா பாரமாத்தானே இருக்கும்."

டிகிரி சிரித்துவிட்டு, ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக் கட்டம் போட்டாள். "போன் தப்பாச் சொல்லல. ஸ்பியர், சிலிண்டர், ஆக்ஸிஸ். எந்த மொழியில எழுதினாலும் இந்த மூணு கட்டம்தான்." கிரேன்காரரைப் பார்த்துத் திரும்பினாள். "ஸ்பியர்னா எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கற பவர். பந்து மாதிரி, எப்படித் திருப்பினாலும் அதேதான். உங்க வலது கண்ணுக்கு அது மட்டும் போதும்; மைனஸ் முக்கால். பக்கத்துக் கட்டம் ரெண்டும் காலி. இடது கண்ணுல தழும்பு இழுத்துப் பிடிச்சதால கண்ணு உருண்டையா இல்லாம ஒரு பக்கம் வளைவு கூடிடுச்சு. அதைச் சரிகட்ட ஒரு திசையில மட்டும் வேலை செய்யற பவர் வேணும். அதுதான் சிலிண்டர். அந்தச் சிலிண்டரை எந்தக் கோணத்துல சாச்சு வைக்கணும்னு சொல்றது ஆக்ஸிஸ். ஒண்ணுலேருந்து நூத்தியெண்பது டிகிரி வரைக்கும்."

"கிரேனோட நீளக் கையை, அதான் பூமை, எந்தப் பக்கம் திருப்பி நிறுத்தணும்ங்கற மாதிரி" என்றார் அவர்.

"அதேதான். பளு சரியா இருக்கலாம், கயிறு சரியா இருக்கலாம். பூம் தப்பான பக்கம் நின்னா?"

"சாமான் கடலுக்குள்ள."

இத்தனை மாதத்தில் யாரும் அவரிடம் இதை விளக்கியிருக்கவில்லை என்பது அவர் நிமிர்ந்து உட்கார்ந்ததிலேயே தெரிந்தது.

அவள் இரண்டு பெட்டிகளையும் வாங்கி, ஒவ்வொரு கண்ணாடியாக லென்ஸ்மீட்டரில் வைத்தாள். இரண்டிலும் வலது சரி. முதல் கண்ணாடியின் இடது லென்ஸ் ஸ்பியர் மைனஸ் நாலு அம்பது, சிலிண்டர் மைனஸ் மூணு, ஆக்ஸிஸ் நூற்றியெழுபது. அவள் போட்டோவைப் பெரிதாக்கினாள். ஸ்பியர் மைனஸ் நாலு அம்பது, சரி. ஆனால் சிலிண்டருக்கு முன்னால் ஒரு சிலுவை, பிளஸ்.

"முதல் கடை இதைக் கோட்டை விட்டுடுச்சு" என்றாள். "அந்த ஊர் டாக்டர் சிலிண்டரைப் பிளஸ்ல எழுதியிருக்காரு. நம்ம பக்கத்துல மைனஸ்லதான் எழுதுவோம். பிளஸ்ஸைப் பாத்ததும் ஏதோ கைத்தவறுன்னு நினைச்சு அதை மட்டும் மைனஸாக்கிட்டாங்க. அப்படி மாத்தக் கூடாது. மாத்தினா மூணையும் மாத்தணும். ஸ்பியரையும் சிலிண்டரையும் கூட்டு: மைனஸ் நாலரையோட பிளஸ் மூணு, மைனஸ் ஒண்ணரை. அதுதான் புது ஸ்பியர். சிலிண்டர் அதே மூணு, குறி மட்டும் மைனஸ். ஆக்ஸிஸ் தொண்ணூறு டிகிரி திரும்பணும்."

இரண்டாவது கண்ணாடியை வைத்தாள். மைனஸ் ஒண்ணரை, மைனஸ் மூணு, ஆக்ஸிஸ் எண்பது.

"பாத்தீங்களா" என்றார் மாப்பிள்ளை. "ரெண்டாவது கடை சரியாத்தானே மாத்தியிருக்கான். நூத்தியெழுபதுல தொண்ணூறு போனா எண்பது. கணக்கு சுத்தம். இவர்தான் கண்ணாடியை ஒழுங்காப் போடல. நல்ல கம்பெனி லென்ஸ்ல அதே அளவை எழுதுங்க. 'வாடிக்கையாளர் கொண்டுவந்த சீட்டின்படி'ன்னு ஒரு கையெழுத்து வாங்கிக்குங்க. எட்டு நிமிஷம் ஆச்சு."

அவர் சொன்னது தப்பில்லாதது போலத்தான் இருந்தது. டிகிரியும் ஆர்டர் தாளை இழுத்து வைத்துக்கொண்டாள். ஆனால் எழுதுவதற்கு முன் ஒவ்வொரு எண்ணையும் மூலத்தில் மறுபடி பார்ப்பது அவள் பழக்கம். போட்டோவில் ஆக்ஸிஸ் கட்டத்தைத் திரை முழுவதும் விரித்தாள். ஒன்று. ஏழு. அப்புறம் ஒரு சுழி.

அந்தச் சுழி கொஞ்சம் மேலே இருந்தது.

படம் கோணலாக இருந்ததால் முதலில் அது தெரியவில்லை. போனைச் சாய்த்துச் சீட்டின் கோட்டை நேராக்கிப் பார்த்தாள். ஒன்றும் ஏழும் கோட்டின்மேல் நின்றன. சுழி மட்டும் ஏழின் தோளில் ஏறி உட்கார்ந்திருந்தது. பக்கத்துக் கட்டத்தில் அதே ஆள் எழுதிய மூணு, புள்ளிக்குப் பதிலாக ஒரு கமா, சைபர், சைபர். அந்தச் சைபர்கள் இரண்டும் கோழிமுட்டை மாதிரி நீளம்; கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தன. மைனஸ் நாலு அம்பதின் சைபரும் அப்படியே. இந்தச் சுழி மட்டும் மிளகு அளவு.

"இது சைபர் இல்ல" என்றாள்.

"என்னது?"

"இது டிகிரிக் குறி. பதினேழு டிகிரின்னு எழுதியிருக்காரு. ரெண்டு கடையும் நூத்தியெழுபதுன்னு படிச்சிருக்காங்க."

மாப்பிள்ளை குனிந்து பார்த்தார். "சின்ன சுழி, பெரிய சுழி எல்லாம் கையெழுத்து. பதினேழுன்னு ஒரு ஆக்ஸிஸா?"

"ஏன், பதினேழுக்கு என்ன குறைச்சல்? பதினேழும் உண்டு, நூத்தியெழுபதும் உண்டு. அதனாலதான் யாருக்கும் சந்தேகம் வரல. பதினேழுன்னா மாத்தும்போது தொண்ணூறு கூட்டி நூத்தியேழு வரணும். இவர் மூக்குல எண்பது உக்காந்திருக்கு. இருபத்தேழு டிகிரி தப்பு. மூணு பவர் சிலிண்டரை இருபத்தேழு டிகிரி சாச்சு வெச்சா, கண்ணுல இருந்த கோளாறு கிட்டத்தட்ட முழுசும் அப்படியே நிக்கும்."

"ரெண்டு கடையில படிச்சவங்க ஒரே மாதிரி படிச்சிருக்காங்க. நீங்க ஒருத்தர்தான் வேற மாதிரி படிக்கறீங்க."

"மூணாவது கடையும் அதையே படிச்சா, மூணாவது கண்ணாடியும் அந்தப் பெட்டிக்குள்ளதான் போகும்."

மாப்பிள்ளையின் குரல் இறங்கியது. வாடிக்கையாளர் எதிரில் அவர் சத்தம் போடுவதில்லை. "நூத்தியெழுபதுன்னே எடுத்து, எண்பதுன்னு எழுதுங்க."

"எழுத மாட்டேன்."

"அப்ப நான் எழுதறேன்."

"எழுதுங்க. சரிபார்த்தவர்னு கீழ ஒரு கட்டம் இருக்கு. இருபது வருஷமா அதுல என் கையெழுத்து. அது இல்லாம லேப்ல எடுக்க மாட்டாங்க. அதை நான் போட மாட்டேன்."

"அப்படின்னா நாளையிலேருந்து இந்த மேஜைக்கு வேற ஆளைப் பாத்துக்கறேன்."

"பாத்துக்குங்க சார். நாளைக்கு வேற ஆள் வரட்டும். இன்னிக்கு நான்தான் இருக்கேன்."

வீட்டில் கல்லூரி படிக்கும் மகள் இருந்தாள். முதுகு முறிந்து மூன்று வருஷமாக உட்கார்ந்த இடத்தில் தையல் வேலை பார்க்கும் புருஷன் இருந்தார். இந்த மேஜை போனால் வேறு மேஜை எளிதில் கிடைக்காது என்றும் அவளுக்குத் தெரியும். ஆனால் எதிரில் அந்த ஆள் இரண்டு பெட்டிகளையும் மடியில் வைத்துக்கொண்டு, தன்மேல் சொல்லப்பட்ட பழியை யாரோ முதல் தடவையாக மறுப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்தபின் பேனாவைத் தொட அவளுக்குக் கை வரவில்லை.

கண் பரிசோதனை அறையின் கதவில் 'தகுதி பெற்றவர் மட்டும்' என்று மாப்பிள்ளை ஒரு தாள் ஒட்டியிருந்தார். யாருக்காக ஒட்டினார் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. டிகிரி எழுந்துபோய் அந்தக் கதவைத் தட்டினாள். பரிசோதகர் இளம்பெண், வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது, கடையில் எல்லோரும் அவளை டாக்டர் என்பார்கள். மரத் தடுப்புச் சுவருக்குப் பின்னாலிருந்து அவள் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"டாக்டர், ட்ரையல் ஃப்ரேம் வேணும். ஒண்ணரை ஸ்பியர், மூணு சிலிண்டர். ரெண்டும் மைனஸ். அஞ்சு நிமிஷம்."

அந்தப் பெண் மாப்பிள்ளையைப் பார்த்தாள். அவர் தலையை அசைத்தார், வேண்டாம் என்று. அவள் "ரூம் என் பொறுப்பு சார். டெஸ்ட்டை நான்தான் பண்ணப் போறேன். அக்கா பக்கத்துல இருப்பாங்க" என்று சொல்லிக் கதவை அகலத் திறந்தாள்.

கிரேன்காரரை உயர நாற்காலியில் உட்காரவைத்தார்கள். ட்ரையல் ஃப்ரேம் என்பது லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிற கூடு; பார்க்க ஏதோ இயந்திர உறுப்பு மாதிரி இருக்கும். கனமான இரும்பு வட்டங்கள், சுற்றிலும் பாகைமானி போல எண்கள். வலது கண்ணைக் கறுப்பு வில்லையால் மூடினார்கள். இடது பக்கத்தில் முதலில் ஸ்பியர், அதற்கு முன்னால் சிலிண்டர். சிலிண்டர் வில்லையின் விளிம்பில் ஆக்ஸிஸைக் காட்ட இரண்டு சின்னக் கோடுகள் இருக்கும். பரிசோதகர் அந்தக் கோடுகளை எண்பதுக்கு நேராக வைத்தாள்.

"எந்த நம்பர்ல வெச்சிருக்கோம்னு இவர்கிட்ட சொல்லாதீங்க" என்றாள் டிகிரி.

"சுவத்துல என்ன தெரியுது?" என்று கேட்டாள் பரிசோதகர்.

"மேல இருக்கற பெரிய எழுத்து. அதுவும் ரெண்டா, சாஞ்ச மாதிரி. இதே மாதிரிதான் அந்தக் கண்ணாடியிலயும் இருந்தது."

பரிசோதகர் ஃப்ரேமின் ஓரத்தில் இருந்த சின்னத் திருகை மெல்லத் திருப்பினாள். எண்பத்தைந்து. தொண்ணூறு. அவர் ஒன்றும் சொல்லவில்லை. தொண்ணூற்றைந்தில் முதுகு நாற்காலியிலிருந்து விலகியது. நூறில் வாய்விட்டு எழுத்துகளைப் படிக்க ஆரம்பித்தார். இரண்டாவது வரி, மூன்றாவது வரி. திருகு நகர நகர ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கிக்கொண்டே போனார்.

"அங்கேயே நிறுத்துங்க."

"இன்னும் கொஞ்சம் தள்ளறேன், பாருங்க."

"கெட்டுப்போச்சு. திரும்பி வாங்க. இன்னும். இங்க. இதான் கூர்."

கடைசிக்கு முந்தின வரியைத் தட்டாமல் படித்தார். டிகிரி குனிந்து ஃப்ரேமின் எண்ணைப் பார்த்தாள். கோடு நூற்றைந்தைத் தாண்டி நூற்றுப் பத்துக்கு முன்னால் நின்றது. பரிசோதகர் அவரைக் கண் மூடச் சொல்லி, திருகைக் கலைத்துவிட்டு மறுபடி ஒரு தடவை செய்தாள். அதே இடம். மூன்றாவது தடவையும் அதே இடம்.

"நூத்தியேழு" என்றாள் பரிசோதகர். கதவருகில் நின்ற மாப்பிள்ளைக்குக் கேட்கும்படி இன்னொரு தடவையும் சொன்னாள்.

கிரேன்காரர் ஃப்ரேமைக் கழற்ற விடவில்லை. அதோடேயே திரும்பி, சுவரோரம் நின்ற பெண்டாட்டியைப் பார்த்தார். "என் மனசுல ஒண்ணும் கோளாறு இல்ல" என்றார்.

அவள் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "சரி, இல்ல. இனிமே பாக்க மாட்டேன் அப்படி."

டிகிரி மேஜைக்குத் திரும்பி ஆர்டரை எழுதினாள். சீட்டில் இல்லாத ஓர் அளவும் வேண்டியிருந்தது. இரண்டு கருவிழிக்கும் நடுவிலுள்ள தூரம். அளவுகோலை மூக்குமேல் வைத்து அதையும் எடுத்தாள்: அறுபத்து நாலு மில்லிமீட்டர். ஆக்ஸிஸ் கட்டத்தில் டிகிரிக் குறி போடவில்லை. நூற்றியேழு என்று எண்ணால் எழுதி, பக்கத்தில் எழுத்தாலும் எழுதினாள். சரிபார்த்தவர் கட்டத்தில் கையெழுத்துப் போட்டாள்.

"தப்பாப் போனா உங்க தலையிலதான்" என்றார் மாப்பிள்ளை.

"கையெழுத்தே அதுக்குத்தான் சார்."

அதோடு விடாமல், கிரேன்காரரிடம் இன்னொரு வேலையும் சொன்னாள். அந்த ரூம்காரனைக் கூப்பிட்டு, அந்த ஊர் டாக்டர் இடத்திலேயே பதிவைக் கேட்டு வாங்கச் சொல்ல வேண்டும். மறுநாள் மதியம் அது வந்தது. கம்ப்யூட்டரில் அச்சிட்டது, அதே மொழி. மாப்பிள்ளை தன் போனை அதன்மேல் பிடித்தார். பந்து, எரிவாயு உருளை, வண்டி அச்சு. அச்சுக்கு எதிரே பதினேழு. போனைப் பையில் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார். புது ஆள் யாரும் மேஜைக்கு வரவில்லை.

வியாழக்கிழமை லேபிலிருந்து கண்ணாடி வந்தது. லென்ஸ்மீட்டரில் வைத்தாள். பவர் எல்லாம் சரி. ஆக்ஸிஸ் நூற்றுப் பதினொன்று.

லேபுக்குப் போன் போட்டாள். மறுமுனையில் இருந்தவர் அலுத்துக்கொண்டார். "அம்மா, நாலு டிகிரிதானே. அவருக்குத் தெரியக்கூடப் போறதில்ல."

"மூணு பவர் சிலிண்டர். நாலு டிகிரி அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ரெண்டுக்கு மேல தள்ளினா நான் வாங்க மாட்டேன்னு உங்களுக்கும் தெரியும்."

"நாளைக்கு ஆள் இல்ல."

"சனிக்கிழமை இருப்பாங்க இல்ல? திங்கட்கிழமை அவருக்கு டெஸ்ட். சனிக்கிழமை மதியத்துக்குள்ள வரலைன்னா நானே பஸ் ஏறி அங்க வந்து உக்காந்துடுவேன்."

அவள் வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று அந்த லேபுக்கு அனுபவம் இருந்தது. சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கே கண்ணாடி வந்துவிட்டது. நூற்றியேழு.

கிரேன்காரர் மாட்டிக்கொண்டு எழுந்தார். ஓரடி வைத்துவிட்டு நின்றார். "தரை லேசா மேடேறுது."

"ஏறும். ரெண்டு மாசமா இது இல்லாம இருந்திருக்கீங்க. அங்க முதல்ல போட்டப்ப எத்தனை நாள் இப்படி இருந்தது?"

"மூணு நாள்."

"அதுக்கு மேல இருந்தா நேரா என்கிட்ட வாங்க. யாரும் உங்களை ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ஆஸ்பத்திரி நாளையும் விட்டுடாதீங்க, தழும்பை அவங்கதான் பாக்கணும்."

அவர் வாசலுக்குப் போய் நின்றார். படியைப் பார்த்தார். தெருவுக்கு அந்தப் பக்கம் கட்டிக்கொண்டிருந்த மாடியில் ஒருவன் கொக்கியில் கயிறு மாட்டிக்கொண்டிருந்தான். "கொக்கிக்குப் பூட்டு போடாம விடறான் பாரு" என்று பெண்டாட்டியிடம் சொன்னார். அப்புறம் பழைய இரண்டு பெட்டிகளையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"அதை எதுக்குத் தூக்கிட்டு வர்றீங்க?" என்றாள் பெண்டாட்டி.

"அந்த ரெண்டு கடைக்கும் போகணும். மேஜையில வெச்சு, பழகலன்னு ஒரு வார்த்தை சொல்லணும்."

திங்கட்கிழமை மதியம் கிரேன்காரரின் பெண்டாட்டி கடைக்குப் போன் செய்தாள். தகுதி டெஸ்ட் முடிந்துவிட்டதாம். தூரத்து எழுத்து, பக்கத்து எழுத்து, பக்கவாட்டுப் பார்வை எல்லாம் தேறிவிட்டாராம். அதைவிட, இரண்டாவது கடைக்காரர் பதினேழையும் நூற்றியெழுபதையும் கேட்டுவிட்டுப் போட்டோவை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாராம், பிறகு தன் கடைக்கு வந்த கையெழுத்துச் சீட்டுகளையெல்லாம் எடுத்துப் புரட்ட ஆரம்பித்தாராம். முதல் கடைக்காரர் மட்டும் இன்னும் கொஞ்ச நாள் போட்டுப் பார்த்திருக்கலாம் என்றாராம்.

அன்று சாயங்காலம் டிகிரி ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, 'பத்து நிமிடத்தில் ஆர்டர்' பலகைக்குக் கீழே ஒட்டினாள். 'சீட்டின் போட்டோ கொண்டுவருபவர்கள் நேராக, நிழல் விழாமல் எடுக்கவும். வேறு மொழிச் சீட்டாக இருந்தால் ஒவ்வொரு எண்ணையும் இரண்டு தடவை கேட்போம். பழைய கண்ணாடி இருந்தால் கையோடு கொண்டுவரவும். நேரம் ஆகும்.'

மறுநாள் காலை தாளைக் காணோம். அவள் இன்னொன்று எழுதி ஒட்டினாள். அதுவும் போனது. மூன்றாவதைப் பரிசோதகர் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுத்தாள். அது இரண்டு நாள் இருந்தது. நாலாவதை மாப்பிள்ளை கிழிக்கக் கை வைத்தபோது, அவருக்குப் பின்னால் ஒரு பெரியவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு அந்தத் தாளை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். படித்து முடித்து, "நல்லதாப் போச்சு, என் மருமகன் அனுப்பினதும் ஏதோ வேற எழுத்துதான், தம்பி நீங்க பாப்பீங்களா?" என்று அவரிடமே கேட்டார்.

மாப்பிள்ளை கையை எடுத்துக்கொண்டு ஆர்டர் மேஜையைக் காட்டினார்.

டிகிரி நாற்காலியை இழுத்துப் போட்டாள். "போனைக் கொடுங்க ஐயா. உக்காருங்க, நேரம் ஆகும்."